தமிழில் நேர்ச்சொல் இல்லாதபோது: மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எப்போது போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலத்தில் உள்ள சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் இல்லை. அடிக்குறிப்பு போட்டுவிடலாம்தானே?

பொறுங்கள். சொல் இல்லை என்பது மட்டும் குறிப்புக்குக் காரணம் ஆகாது. அந்தச் சொல் இல்லாததால் அந்தப் பக்கத்தில் வாசகருக்கு எது புரியாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். பழைய ருஷ்ய நாவல் ஒன்றில் ஒருவன் ‘தரந்தாஸ்’ ஏறிப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு சக்கரக் குதிரை வண்டி. தமிழில் அதற்குப் பெயர் கிடையாது. ஆனால் “தரந்தாஸில் ஏறி உட்கார்ந்தான், குதிரைகள் கிளம்பின” என்று எழுதிவிட்டால் வாசகர் வண்டியின் பெயர் தெரியாமலே அதில் பயணம் போய்விடுவார். அங்கே ஒரு எண்ணைத் தொங்கவிட்டுப் பக்கத்தின் அடிக்கு அவரை இழுப்பது வீண் வேலை.

ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. இது புரியாவிட்டால் காட்சி, பேச்சு, கதை இவற்றில் ஏதாவது தவறாகப் புரியுமா? தவறாகப் புரியும் என்றால், வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு மூன்று சொற்களில் அதைச் சரிசெய்ய முடியுமா? முடியாது என்றால், மூலமொழி வாசகருக்காவது இது தெரிந்திருந்ததா? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரே தன் வாசகருக்குப் புரியாதபடி வைத்த சொல் என்றால், அந்தப் புதிரை நீங்கள் குறிப்பில் அவிழ்ப்பது உதவி ஆகாது. மூன்றையும் தாண்டி நிற்கும் சொல்லுக்கு மட்டும்தான் குறிப்பு. ஒரு நாவலில் அப்படி நிற்பவை சிலவே இருக்கும்.

இதில் ‘புரியாமல் போவது’ அவ்வளவு மோசமில்லை. ‘தவறாகப் புரிவது’தான் ஆபத்து. புரியாத சொல்லை வாசகர் அடையாளம் கண்டு தாண்டிப் போவார். தவறாகப் புரிந்த சொல்லைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வராது.

அப்படித் தவறாகப் புரிய வைக்கும் சொல்லுக்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா? அதை எப்படித் தீர்ப்பது?

ஆங்கிலத்தின் ‘கசின்’ஐ எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் சொற்களில் இதைவிடச் சாதுவாகத் தோன்றி இதைவிட அதிகம் தொல்லை தரும் சொல் குறைவு. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா ஆகிய எல்லாருடைய பிள்ளைகளையும், ஆண் பெண் வேறுபாடுகூட இல்லாமல், அந்த ஒரே சொல் அடக்கிவிடுகிறது. தமிழோ இவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கூட்டம் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மற்றது மணம் முடிக்கத் தகுந்த முறை. ஆகவே நமக்குச் சொல் இல்லை என்பது பிரச்சினை இல்லை. சொற்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன, ஒவ்வொன்றும் மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பைக் கூடவே கொண்டுவருகிறது.

ஜேன் ஆஸ்டனின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நாவலில் இது உச்சத்துக்குப் போகிறது. பத்து வயது ஃபேனி வசதியான உறவினர் வீட்டில் வளர வருகிறாள். அந்த வீட்டின் இரண்டாவது மகன் எட்மண்டுக்கு அப்போது பதினாறு வயது. கதை முடிவில் இருவரும் மணந்துகொள்கிறார்கள். இவர்களின் தாய்மார்கள் உடன்பிறந்த சகோதரிகள். தமிழ் முறைப்படி எட்மண்ட் அவளுக்கு அண்ணன். முதல் அத்தியாயத்தில் ‘கசின்’ஐ ‘அண்ணன்’ என்று மாற்றிவிட்டால், கடைசி அத்தியாயத்தில் நாவல் கையைவிட்டுப் போய்விடும்.

இதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதல் வேலை, ‘கசின்’ வரும் எல்லா இடங்களையும் குறித்து, அவற்றை மூன்றாகப் பிரிப்பது: கதைசொல்லி சொல்வது, பாத்திரங்கள் ஒருவரையொருவர் விளிப்பது, உறவைப் பற்றியே பேசுவது.

கதைசொல்லியின் வாயில் வரும்போது ‘பெரியம்மா மகன்’ என்பதுபோல உறவு வழியைச் சொல்லும் தொடர் போதும். அது உண்மையைச் சொல்கிறது. ‘அண்ணன்’ என்ற தீர்ப்பைச் சொல்வதில்லை. ஆனால் பெரியம்மாவா சித்தியா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலம் அதைக் கேட்பதில்லை, தமிழ் கேட்கிறது. மூலத்தில் நேரடி வரி எதுவும் அகப்படாவிட்டால் பிள்ளைகளின் வயது, திருமணங்களின் வரிசை ஆகியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்து, உங்கள் சொற்பட்டியலில் அது உங்கள் முடிவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 200 பக்கம் தாண்டி அதை மறந்து ‘சித்தி மகன்’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

விளிக்கும் இடத்தில் சொல்லையே விட்டுவிடலாம். அழுதுகொண்டிருக்கும் ஃபேனியை எட்மண்ட் முதன்முதலில் ஆறுதலாகக் கேட்கும்போது ‘சின்னக் கசின்’ என்றுதான் அழைக்கிறான். தமிழில் “ஃபேனிக் கண்ணு, என்ன ஆச்சு?” என்றால் அந்த அன்பு வந்துவிடுகிறது. அவள் அவனை அழைக்கும்போது பெயர் சொன்னால் நம் காதுக்கு மரியாதைக் குறைவு, ‘அண்ணா’ என்றால் பேராபத்து. விளியை நீக்கிவிட்டு ‘நீங்கள்’ என்பதற்குரிய வினைமுடிவில் மரியாதையை வைத்துவிடுங்கள். இங்கும் குறிப்பு தேவையில்லை.

மூன்றாவது வகைதான் குறிப்பைக் கேட்கிறது. முதல் அத்தியாயத்திலேயே வீட்டுத் தலைவர் சர் தாமஸுக்கு ஒரு கவலை வருகிறது: இந்தப் பெண் வளர்ந்தபின் தன் மகன்களில் ஒருவன் அவள்மேல் காதல் கொண்டுவிட்டால்? அதற்கு ஃபேனியின் இன்னொரு பெரியம்மாவான நாரிஸ் அம்மாள், சகோதர சகோதரிகளைப் போல ஒன்றாக வளர்ந்தால் அது நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்கிறாள். ஆங்கில வாசகருக்கு இதன் உட்பொருள் தெளிவு: இவர்கள் சகோதர சகோதரிகள் *இல்லை*, மணக்கத் தடையும் இல்லை, வளர்ப்புதான் தடுக்கும் என்கிறாள். தமிழ் வாசகருக்கோ அவர்கள் ஏற்கெனவே அண்ணன் தங்கைதான். ‘போல’ என்ற சொல் அவருக்கு அர்த்தமற்றதாகிறது. சர் தாமஸின் கவலை பணக்கார வீட்டின் வர்க்கக் கவலையாகத் தெரியாமல் முறைகேட்டின் மேல் உள்ள அருவருப்பாகத் தெரிகிறது. இதை இரண்டு சொல் செருகிச் சரிசெய்ய முடியாது. ஆகவே இங்கே, இந்த ஓர் இடத்தில் மட்டும், குறிப்பு:

> மூலத்தில் ‘கசின்’. பெற்றோருடன் பிறந்தவர்களின் பிள்ளைகள் அனைவரையும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லால் குறிக்கும். அக்கா தங்கை பிள்ளைகள் மணந்துகொள்வதை அக்கால இங்கிலாந்தின் சட்டமோ திருச்சபையோ தடுக்கவில்லை. – மொ–ர்

இதில் யார் யாரை மணக்கப் போகிறார்கள் என்பது இல்லை. அந்த அச்சத்தை உரையே எழுப்பிவிட்டதால் குறிப்பு கதையை முந்தி ஓடவுமில்லை. இதே செய்தியைக் கடைசி அத்தியாயத்தில் வைத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்திருக்கும்.

அப்படியானால் ‘கசின்’ வரும் நாவல் எல்லாவற்றுக்கும் இதே குறிப்பு போட வேண்டுமா?

இல்லை, அதற்கு நேர் எதிரான நாவலே இருக்கிறது. எமிலி பிரான்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலில் இளைய கேத்தரின் முதலில் லின்டனை மணக்கிறாள், கடைசியில் ஹேர்ட்டனோடு மணம் முடிவாகிறது. லின்டன் அவள் அப்பாவின் தங்கை மகன். ஹேர்ட்டன் அவள் அம்மாவின் அண்ணன் மகன். அத்தை மகன், மாமன் மகன்! தமிழ் வாசகர் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டார். இங்கே குறிப்பு போட்டால் இல்லாத சிக்கலை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

ஆனால் இங்கே வேறொரு பொறி இருக்கிறது. ‘அத்தை மகன்’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘முறைமாப்பிள்ளை’ என்று போய்விடக் கூடாது. அந்தச் சொல்லில் உரிமை இருக்கிறது. கதையிலோ ஹீத்கிளிஃப் சொத்துக்காகப் பெண்ணை அடைத்துவைத்துத் தன் மகன் லின்டனுக்குக் கட்டாயமாக மணம் முடிக்கிறான். ‘முறை’ என்ற ஒரு சொல் விழுந்தால் போதும், அவனுடைய வன்முறை நியாயமான உரிமைக் கோரிக்கைபோல ஆகிவிடும். சரியான சொல்லைத் தேர்ந்தால் குறிப்பே வேண்டாம். தவறான சொல்லை எந்தக் குறிப்பாலும் காப்பாற்ற முடியாது.

உரைக்குள் இரண்டு சொல் செருகுவது மூலத்தில் கைவைப்பது ஆகாதா? அதற்குக் குறிப்பே நேர்மையானது அல்லவா?

மூலவாசகர் எந்தத் தடங்கலும் இல்லாமல் பெற்ற செய்தியைத் தமிழ் வாசகருக்கும் தடங்கலில்லாமல் கொடுப்பது கைவைப்பது ஆகாது. ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ தொடக்கத்திலேயே இதற்கும் சான்று உண்டு. சகோதரிகளில் ஒருத்தியை ‘மிஸ் வார்டு’ என்று குடும்பப் பெயரால் மட்டும் சொல்கிறார் ஆஸ்டன்; மற்றவர்களை மிஸ் மரியா, மிஸ் ஃபிரான்சஸ் என்கிறார். அக்கால வழக்கில் குடும்பப் பெயரை மட்டும் பெறுபவள் மணமாகாத மகள்களில் மூத்தவள். ‘மூத்தவளான மிஸ் வார்டு’ என்று எழுதினால் ஒரே சொல்லில் காரியம் முடிந்தது. பெயர் வழக்கம் பற்றி ஐந்து வரி அடிக்குறிப்பு எழுதுவது நேர்மை அல்ல, படித்ததைக் காட்டிக்கொள்வது.

செருகல் எங்கே கெடுகிறதென்றால் பாத்திரத்தின் வாயில். ஒரு ருஷ்யன் இன்னொரு ருஷ்யனிடம் “தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் பாத்திரமான சமோவாரைக் கொண்டுவா” என்று சொல்ல மாட்டான். இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் விளக்கினால் நாடகம் உடைந்துவிடுகிறது. அந்த விளக்கத்தை முன்னோ பின்னோ கதைசொல்லியின் வரிக்கு நகர்த்துங்கள். “சமோவாரைக் கொண்டுவா” என்றான். கொதிக்கும் வெந்நீரோடு சமோவார் வந்தது. அவ்வளவுதான்.

ருஷ்ய நாவல் ஒன்றை ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்கிறேன். ஆங்கிலப் பதிப்பில் இருக்கும் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தக் குறிப்புகள் ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டவை. உங்கள் வாசகருக்குத் தெரிந்ததும் தெரியாததும் வேறு. அத்தோடு அவை அந்த மொழிபெயர்ப்பாளரின் எழுத்து. அனுமதியில்லாமல் எடுத்தால் உரிமைச் சிக்கலும் வரும்.

இந்த வேறுபாடு நன்றாகப் பிடிபடும் இடம் முன்னிலைச் சொல். ருஷ்ய மொழியில் ‘தி’, ‘வி’ என்று இரண்டு உண்டு: ஒன்று நெருக்கம், மற்றது மரியாதை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் அங்கே குறிப்பு வருகிறது, அல்லது “நெருக்கமான முன்னிலையில் அவள் சொன்னாள்” என்று ஒரு வால் ஒட்டப்படுகிறது. நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ தயாராக இருக்கின்றன. புஷ்கின் 1828இல் எழுதிய ஒரு சிறு கவிதை முழுக்க இந்த மாற்றத்தைப் பற்றியது: அவள் வாய்தவறி ‘நீங்கள்’ என்பதற்குப் பதில் ‘நீ’ என்றுவிடுகிறாள், காதலன் நெஞ்சு பொங்குகிறது. ஆங்கிலத்தில் குறிப்பில்லாமல் தடுமாறும் இந்தக் கவிதை தமிழில் தானாகவே நடந்துவரும். ஆகவே ஆங்கில உரையில் அப்படி ஒட்டிய வாலைக் கண்டால், அந்தத் தொடரை வெட்டிவிட்டு வினைமுடிவை மாற்றுங்கள். அதையும் மொழிபெயர்த்துக் குறிப்பையும் போட்டால் வாசகர் ஒரே செய்தியை மூன்று முறை கேட்கிறார்.

ஆங்கிலப் பதிப்பு மௌனமாக இருக்கும் இடங்களையும் கவனிக்க வேண்டும். ‘பெயர்நாள்’ என்று வருவதை அப்படியே விட்டால் பெயர் சூட்டும் விழா என்று பலர் நினைத்துவிடுவார்கள், முப்பது வயதுப் பெண்ணுக்கு இப்போதுதானா என்று குழம்புவார்கள். ‘அவள் பெயர்கொண்ட புனிதரின் திருநாள்’ என்று எழுதினால் குறிப்பில்லாமல் தீர்ந்தது.

வெர்ஸ்ட் போன்ற பழைய ருஷ்ய அளவைகளுக்குக் குறிப்பு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஒரு வெர்ஸ்ட் சுமார் 1.07 கிலோமீட்டர், வாசகர் அதைக் கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கதை அந்த எண்ணின்மேல் நின்றால் மட்டும், அதாவது ஓர் இரவில் நடந்து கடக்க முடிந்ததா இல்லையா என்பது போன்ற இடத்தில், முதல் முறை வரும்போது சொல்லிவிடுங்கள். ஆனால் வெர்ஸ்டைக் கிலோமீட்டராகவே மாற்றி எழுதிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு வண்டிக்காரன் “இன்னும் இருபத்தொன்று புள்ளி மூன்று கிலோமீட்டர் இருக்கு எசமான்” என்று சொல்வது கேலிக்கூத்து.

குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்? எங்கே வைப்பது?

மேலே உள்ள ‘கசின்’ குறிப்பு முப்பது சொற்களுக்குள் முடிகிறது. நாற்பதைத் தாண்டினால் நீங்கள் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டீர்கள். அதை முன்னுரைக்குக் கொண்டுபோங்கள். முதல் சொற்றொடரில் மூலச்சொல், அடுத்ததில் அந்த இடத்துக்குத் தேவையான பொருள், அத்துடன் நிறுத்தம். “ஆசிரியர் இங்கே நுட்பமாகச் சுட்டுகிறார்” என்பது விமர்சனம், குறிப்பு அல்ல. ஆசிரியரே குறிப்பு எழுதியிருக்கும் நாவல் என்றால், உங்களுடையதில் ‘மொ–ர்’ போன்ற சுருக்கம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது.

எண்ணைச் சொல் முதலில் வரும் இடத்தில் வைப்பதுதான் பழக்கம். ‘கசின்’ காட்டியதுபோல, சொல் முதலில் வரும் இடமும் அது தவறாகப் புரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புரிதல் பிசகும் இடத்தில் வையுங்கள். பேச்சின் நடுவே வைக்காமல் அந்தப் பேச்சு முடியும் இடத்தில் வைத்தால் கண் ஓட்டம் தடைபடாது.

எல்லாவற்றையும் நூலின் பின்னால் அருஞ்சொற்பட்டியலாகப் போட்டுவிட்டால் போதாதா?

தரந்தாஸ், வெர்ஸ்ட், சமோவார் போலத் திரும்பத் திரும்ப வரும் பொருட்பெயர்களுக்கு அது நல்ல இடம். விரும்புகிறவர் பார்ப்பார், மற்றவர் விடுவார். ‘கசின்’ போன்றதற்கு உதவாது. தவறாகப் புரிந்துகொண்டவருக்குத் தான் தவறாகப் புரிந்துகொண்டது தெரியாதே, அவர் ஏன் பின்னால் புரட்டுவார்? மின்நூலில் எண்ணைத் தொட்டால் குறிப்பு திறக்கும் என்பதால் இந்த வேறுபாடு சற்றுக் குறைகிறது. ஒலிநூலிலோ அடிக்குறிப்பு மொத்தமாகத் தொலைந்துபோகும். அதற்கும் உரிமை விற்கும் எண்ணம் இருந்தால், உரைக்குள் தீர்க்க முடிந்ததையெல்லாம் உரைக்குள்ளேயே தீர்த்துவிடுங்கள்.

நான் வைத்த குறிப்புகளில் எது தேவை, எது வெட்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வரைவில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்களுக்கான நினைவுக்குறிப்பு. பிறகு ஓர் அத்தியாயத்தைக் குறிப்புகள் எல்லாவற்றையும் நீக்கி, மூலமொழி தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். புரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்வதோடு விடாதீர்கள். குறிப்பு இருந்த ஒவ்வொரு இடத்திலும் என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். “சர் தாமஸ் எதற்குப் பயப்படுகிறார்?” என்று கேட்டால் போதும். அடிக்கோடு இருந்தும் காட்சியைச் சரியாகச் சொன்னால் குறிப்பு வேண்டாம். அடிக்கோடே இல்லாமல் காட்சியைத் தவறாகச் சொன்னால், குறிப்பு அங்கே திரும்ப வர வேண்டும்.